ஃபியோர்டும் ரியாவும்: வாசலில் ஆழமா, உள்ளே ஆழமா?

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் மில்ஃபோர்ட் ஹேவன் என்றொரு இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையில், மில்ஃபோர்ட் சவுண்ட் என்றொரு கடல்நீர்ப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயல் இல்லை. வேல்ஸில் பிறந்த ஜான் க்ரோனோ என்ற கடல்நாய் வேட்டைக் கப்பல் தலைவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்துக் கரையில் ஒதுங்கியபோது, தன் சொந்த ஊர்ப்பக்கத்து நினைவில் அந்த இடத்துக்கும் மில்ஃபோர்ட் ஹேவன் என்றே பெயர் வைத்தார். ஹேவன் சவுண்டாக மாறியது பிறகுதான். மாவோரிகள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயர் பியோபியோதாஹி.

நிலவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. கடல் நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருப்பது என்பதைத் தவிர இந்த இரண்டுக்கும் பொதுவாக எதுவும் கிடையாது. வேல்ஸில் இருப்பது ரியா, அதாவது ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் பிற்பாடு கடல் ஏறி மூழ்கடித்தது. நியூசிலாந்தில் இருப்பது ஃபியோர்டு. அதைத் தோண்டியது ஆறல்ல, பனியாறு.

படத்தில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும் என்று தோன்றும். ஒன்றில் தாழ்ந்த குன்றுகள், கிளை கிளையாகப் பிரியும் நீர், ஓதம் இறங்கினால் பல்லிளிக்கும் சேற்றுத் திட்டுகள். மற்றொன்றில் நீரிலிருந்து நேராக எழும் 1,700 மீட்டரை ஒட்டிய சிகரம். ஆனால் உயரமும் செங்குத்தும் நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. உயரமான கரைகளுக்கு நடுவே கிடக்கும் ரியாக்கள் உண்டு. தாழ்ந்த, சாதுவான ஃபியோர்டுகளும் உண்டு. உண்மையான அடையாளம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

விரலை வைத்து ஆழத்தைப் படிப்பது

மாலுமிகள் பயன்படுத்தும் கடல் வரைபடத்தில் நீர்ப்பரப்பு முழுக்கச் சிறுசிறு எண்கள் தெளித்திருக்கும். அந்தந்த இடத்தின் ஆழம் அது. ஏதாவது ஒரு கடல்நுழைவை எடுத்துக்கொண்டு, திறந்த கடலில் விரலை வைத்து, நடுவாக உள்நோக்கி நகர்த்திக்கொண்டே எண்களைப் படித்தால் போதும். யார் தோண்டியது என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

முதலில் வீகோ ரியாவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியா கரையில் இருப்பது அது. ரியா என்ற சொல்லே இந்தக் கரையின் மக்கள் பேச்சிலிருந்து வந்ததுதான். ரியோ என்றால் ஆறு, அதிலிருந்து பிறந்தது ரியா. ஜெர்மன் புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்தோஃபன் 1886இல் அதைத் துறைச்சொல்லாக எடுத்தாண்டார். வீகோ ரியாவின் முகப்பில் சியேஸ் தீவுகள் கதவுபோல நிற்கின்றன. அதன் தெற்கு வாயில் வழியாக நுழைந்தால் ஆழம் ஏறக்குறைய 50 மீட்டர். வீகோ நகரத்துக்கு எதிரே வரும்போது எண்கள் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் ராண்டே என்ற இடுக்கு வரும். அதைத் தாண்டினால் சான் சிமோன் குடா, அங்கே பெரும்பகுதி பத்து மீட்டர்கூடத் தேறாது. கடைசியில் சேறு, அதற்குப் பின்னால் வெர்துகோ ஆறு. சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் 50 மீட்டர் சரிவு. கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. நிதானமாக ஓடும் ஒரு ஆற்றுக்கு உரிய சரிவு அது. அந்தப் பழைய பள்ளத்தாக்கின் மேல்தான் இன்று கப்பல்கள் போகின்றன. சியேஸ் தீவுகளும் தொடக்கத்தில் தீவுகள் அல்ல, பள்ளத்தாக்கின் ஓரத்தில் நின்ற மலைமுகடு. தண்ணீர் சுற்றிவளைத்த பிறகுதான் தீவானது.

இப்போது அதே விரலை நார்வேயின் சோக்னஃபியோர்டுக்குக் கொண்டுபோவோம். முகப்பில் ஆழம் 200 மீட்டருக்குள்தான். ரியாவாக இருந்தால் உள்ளே போகப்போகக் குறைய வேண்டும். இங்கே தலைகீழ். உள்ளே போகப்போக எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. 500, 800, 1,000 தாண்டி, ஒரு கட்டத்தில் 1,300 மீட்டரைத் தொடுகின்றன. அதன் பிறகுதான் உட்பக்கத்தில் மெல்லக் குறையத் தொடங்கும். கடலிலிருந்து உள்ளே 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த நீர்வெளி, தன் வாசலை விட ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழமான தொட்டி. வாசலில் குறுக்கே கிடக்கும் மேட்டை வீட்டு நிலைப்படி என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கடலோடிகளும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் நிலைப்படி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னொரு வழி, கடலை மனதுக்குள் 200 மீட்டர் இறக்கிப் பார்ப்பது. வீகோ ரியா முழுக்கக் காய்ந்து, அதன் நடுவே ஆறு இறங்கி ஓடும் சாதாரணப் பள்ளத்தாக்காகிவிடும். சோக்னஃபியோர்டு காயாது. நிலைப்படிக்குப் பின்னால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஏரியாக நிற்கும்.

ஆறு எவ்வளவு ஆழம் வரை வெட்ட முடியும்

ஆற்றுக்கு ஒரு விதி இருக்கிறது. அது கீழ்நோக்கி மட்டுமே ஓடும். ஓடினால்தான் அரிக்கும். ஆகவே கடலைச் சேரும் இடத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கடல்மட்டத்துக்குக் கீழே பெரிய ஆழத்துக்கு அது பள்ளத்தாக்கு வெட்டாது. வழியில் ஏதாவது குழி விழுந்தாலும், மேலிருந்து வரும் மணலே அதை நிரப்பிச் சமப்படுத்திவிடும். ஆகவே ஆறு செய்த பள்ளத்தாக்கின் தரை, தலையிலிருந்து கடல் வரை ஒரே போக்கில் இறங்கிக்கொண்டே போகும். வீகோவில் பார்த்த எண்களின் ஒழுங்கு இதிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் ஆறு வெட்டியது எப்படி 50 மீட்டர் தண்ணீருக்கு அடியில் போனது? வெட்டும்போது கடல் அங்கே இல்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சம் ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. கடலிலிருந்து ஆவியான நீர் நிலத்தில் பனியாக விழுந்து, திரும்பி வராமல் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மலையளவு குவிந்து நின்றது. அதனால் உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்குச் சற்று கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. கரை பல இடங்களில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், சில இடங்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வெளியே இருந்தது. ஆறுகள் அந்தப் புதிய, தாழ்ந்த கடலைத் தேடிக் கீழே வெட்டிக்கொண்டு போயின. இது ஒருமுறை நடந்ததும் அல்ல. கடந்த பல லட்சம் ஆண்டுகளில், ஏறக்குறைய ஒவ்வொரு லட்சம் ஆண்டுக்கும் ஒருமுறை கடல் இறங்கி ஏறியிருக்கிறது. ஒரே பள்ளத்தாக்கு வெட்டுப்பட்டு, மூழ்கி, மறுபடி வெளிவந்து வெட்டுப்பட்டு, இப்போது நாம் பார்ப்பது கடைசியாக மூழ்கிய கோலம்.

மூழ்கியது எவ்வளவு வேகத்தில்? வீகோவையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் இன்றைய மட்டத்துக்கு 50 மீட்டர் கீழே இருந்தது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு. 7,000 ஆண்டுகளுக்கு முன்பு அது இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது. இடையில் 4,000 ஆண்டுகள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் உயர்ந்திருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சரிவு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு என்பதால், செங்குத்தாக ஒரு சென்டிமீட்டர் ஏறினால் கிடைமட்டத்தில் ஏழெட்டு மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அரை கிலோமீட்டர். அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் தன் சிறுவயதில் மான் மேய்ந்த இடத்தில் கிழவயதில் அலை அடிப்பதைப் பார்த்திருப்பார். கடல் இதைவிட வேகமாக, ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டரை ஒட்டி, ஏறிய காலமும் உண்டு. அது ஏறக்குறைய 14,500 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது கரை இன்னும் வீகோவின் வாசலுக்கு வெகு வெளியே, கண்டத்திட்டின் மேல் இருந்தது.

ரியாவின் வடிவமும் இதிலிருந்தே விளங்கும். ஆற்றின் பள்ளத்தாக்கு மரம்போலக் கிளைத்திருக்கும். தண்ணீர் ஒரே மட்டத்தில் ஏறும்போது ஒவ்வொரு கிளைக்குள்ளும் அதன் சரிவுக்குத் தக்கபடி நுழையும். கிளையாறுகள் எல்லாம் சிறு குடாக்களாகும். குன்றுகள் முனைகளாகும். மேலிருந்து பார்த்தால் கடல் ஒரு மரத்தை வரைந்து வைத்ததுபோல இருக்கும். மில்ஃபோர்ட் ஹேவனின் உட்பகுதியில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு க்ளெடாவ் ஆறுகள் சேர்ந்து வருவது இதே கதைதான்.

ஆக, உச்சக் காலத்திலும் கடல் இறங்கியது 120, 130 மீட்டர்தான். ஆறு எவ்வளவு முயன்றாலும் அந்த ஆழத்தைத் தாண்டிப் பெரிதாக எதையும் வெட்டியிருக்க முடியாது. சோக்னஃபியோர்டின் 1,300 மீட்டரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? பத்து மடங்கு இடிக்கிறது. கடல் ஏறியதால் ஃபியோர்டு உருவானது என்று சில பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். கடல் அங்கே நிரப்ப வந்தது, அவ்வளவுதான்.

பனி மேடேறும்

பனியாறும் ஓடுவதுதான், ஆனால் அது ஆற்றின் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. குழைந்த களிமண்ணைக் குவித்து வைத்தால் தன் எடையாலேயே பரவும், கீழே தரை சற்று மேடாக இருந்தாலும் பரவும். பனியும் அப்படித்தான். அது எந்தப் பக்கம் நகரும் என்பதை அதன் மேற்பரப்பின் சரிவு தீர்மானிக்கிறது, அடித்தரையின் சரிவு அல்ல. மேற்பரப்பு கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும் வரை, அடியில் பள்ளம் இருந்தாலும் மேடு இருந்தாலும் பனி அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பனியாறு குழி தோண்டலாம், தோண்டிய குழியிலிருந்து ஏறி வெளியேறலாம். ஆற்றால் இது முடியவே முடியாது. நிலைப்படிக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்கு மூலகாரணம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

கடல்மட்டமும் பனிக்கு எல்லை அல்ல. கடல்நீரைவிடப் பனி சற்றுதான் எடை குறைவு. 1,000 மீட்டர் தடிமனுள்ள பனி மிதக்க வேண்டுமானால் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத் தண்ணீர் வேண்டும். அதற்குக் குறைந்தால் பனி தரையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், உரசிக்கொண்டே நகரும். 1,300 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட 1,460 மீட்டர் பனி போதும். பனியுகத்தில் சோக்னஃபியோர்டை நிரப்பிய பனி அதைவிடத் தடித்தது.

பனி பாறையை அரிப்பது இரண்டு வகையில். அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள்போலத் தேய்ப்பது ஒன்று. விரிசல் விட்ட பாறையைத் துண்டு துண்டாகப் பிடுங்கிக்கொண்டு போவது மற்றொன்று. இரண்டுமே நடக்க வேண்டுமானால் பனியின் அடிப்பக்கம் ஈரமாக இருந்து வழுக்க வேண்டும். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. மலைமேட்டில் கிடக்கும் மெல்லிய பனி, பாறையோடு உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அது நகர்ந்தாலும் தன் உடலுக்குள் நெகிழ்ந்து நகருமே தவிர, பாறையைத் தொந்தரவு செய்யாது. பள்ளத்தில் கிடக்கும் தடித்த பனியின் கதை வேறு. பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பம் அந்தத் தடித்த போர்வைக்குள் தங்குகிறது. மேலே அழுத்தும் எடையால் உருகுநிலையும் சற்று இறங்குகிறது. வேகமாக நகரும்போது உராய்வு வெப்பமும் சேர்கிறது. அடி உருகுகிறது, பனி வழுக்குகிறது, அரிக்கிறது. பள்ளம் ஆழமாகிறது. ஆழமாவதால் பனி இன்னும் தடிக்கிறது. இன்னும் சூடாகிறது, இன்னும் அரிக்கிறது.

பனியுகத்துக்கு முன்பு அங்கே இருந்ததும் ஆற்றுப் பள்ளத்தாக்குதான். அந்தச் சிறு பள்ளம்தான் பனிக்கு வழிகாட்டியது. பிறகு வித்தியாசம் தானாகவே பெருகியது. அதனால்தான் நார்வேயின் ஃபியோர்டுகளில் ஒரு விசித்திரம் தெரியும். செங்குத்துச் சுவரில் ஏறி மேலே போனால், மேசைபோல அகன்ற, மென்மையாக உருளும் பழைய நிலம். லட்சக்கணக்கான ஆண்டுகள் பனி மூடியிருந்தும் அது பெரிதாக அடிபடவில்லை. அதன் ஓரத்திலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிளந்து இறங்கும் பள்ளம்.

சோக்னஃபியோர்டு ஏன் இத்தனை ஆழம் என்பதற்கு அதன் வரைபடமே பதில். உட்பக்கத்தில் லுஸ்டர், ஆர்டால், லேர்டால், ஆவுர்லாண்ட் என்று பல கை விரிகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பனியாறு வந்து நடுத்தண்டில் கலந்தது. நான்கைந்து வாய்க்கால் நீர் ஒரே வாய்க்காலில் போக வேண்டுமென்றால் அது அகல வேண்டும், அல்லது ஆழ வேண்டும், அல்லது வேகம் கூட வேண்டும். இரு பக்கமும் கெட்டிப் பாறை இருந்ததால் அகல வழியில்லை. வேகம் கூடியது, வேகத்தோடு அரிப்பும் கூடியது. பக்கத்துச் சிறு பனியாறுகளுக்கு அந்தப் பலம் இல்லை. அவை தம் பள்ளத்தாக்குகளைக் கொஞ்சமாக ஆழப்படுத்தி, பெரிய பனியாற்றின் மேற்பரப்பில் வந்து சேர்ந்துகொண்டன. பனி போன பிறகு அந்தப் பள்ளத்தாக்குகள் சுவரின் நடுவில் அந்தரத்தில் நிற்கின்றன. தொங்கு பள்ளத்தாக்கு என்பது இதுதான். ஃபியோர்டு படங்களில் எல்லோரும் ரசிக்கும் அருவிகளில் பல இப்படிப்பட்ட வாய்களிலிருந்துதான் விழுகின்றன.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். இப்போதைய பனியுகத் தொடர் தொடங்கி 26 லட்சம் ஆண்டுகள். அதில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம், ஆறு லட்சம் ஆண்டுகள், பள்ளத்தாக்கில் பனி வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். தோண்டியது 1,500 மீட்டர் என்றால் ஆண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர். நம் கைநகம் ஒரு மாதத்தில் வளரும் அளவைவிடக் குறைவு.

சரி, நிலைப்படி ஏன் மிஞ்சியது? சுவர்களுக்கு இடையில் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருந்த பனி, கரைக்கு வந்ததும் இரு பக்கமும் விரியும் இடம் கிடைத்து மெலிந்தது. மெலிந்தால் அழுத்தம் குறையும், வேகமும் தளரும். கடல் ஆழமாக இருந்த இடத்தில் மிதக்கத் தொடங்கி, துண்டு துண்டாக உடைந்து போனது. தரையைத் தொடாத பனி எதையும் அரிக்காது. ஆகவே அந்த எல்லையில் பாறை அப்படியே நின்றுவிட்டது. சில இடங்களில் அதன் மேல் இன்னொன்றும் சேர்ந்தது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் மூக்குப் பகுதியில் குவிந்து மேடாயின. மொரைன் என்பது அந்தக் குவியல். ஒரு நிலைப்படி பாறையா, மொரைனா என்பது வெளியே இருந்து தெரியாது. ஒலியலைகளை அடியில் அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

கடல் சேராத ஃபியோர்டு

ஃபியோர்டில் கடலின் பங்கு எவ்வளவு சிறியது என்பதை ஹோர்னிண்டால்ஸ்வாட்னெட் என்ற ஏரி காட்டிக்கொடுக்கும். மேற்கு நார்வேயில் இருக்கிறது. ஏரியின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு 50 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம். ஆழம் 514 மீட்டர். கழித்துப் பார்த்தால் அதன் தரை கடல்மட்டத்துக்கு 460 மீட்டர் கீழே. தோற்றத்தில், வடிவத்தில், தோண்டிய விதத்தில் எல்லாம் அது ஃபியோர்டு. ஆனால் அதில் இன்று இருப்பது நன்னீர். அதன் நிலைப்படி கடலுக்கு மேலே நிற்பதால் கடல் உள்ளே வர முடியவில்லை.

நிலைப்படி மேலே நிற்பதற்கு நிலம் எழுந்ததும் ஒரு காரணம். இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பனி உட்கார்ந்திருந்தபோது அதன் எடையில் ஸ்காண்டிநேவியாவின் நிலமே அமுங்கியது. பனி விலகியதும் மெல்ல மெல்ல எழத் தொடங்கியது, இன்னும் பல இடங்களில் எழுந்துகொண்டிருக்கிறது. ஓஸ்லோ பகுதியில் பழைய கடற்கரையின் தடயம் இன்றைய மட்டத்துக்கு ஏறக்குறைய 220 மீட்டர் மேலே கிடக்கிறது. அதாவது கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் உலகக் கடல் ஏறியபோதும், அந்தக் கரைகளில் நின்று பார்த்தவருக்குக் கடல் இறங்கிப்போவதாகவே தெரிந்திருக்கும். ரியாவும் ஃபியோர்டும் இந்த இடத்தில் நேர் எதிர். ரியாவுக்குக் கடல் ஏறியதுதான் பிறப்பு. பெரும்பாலான நார்வே ஃபியோர்டுகளுக்கு, பனி விட்டுப்போன அன்று கடல் இன்றைய அளவைவிட உயரத்தில் நின்றது, பிறகு வடிந்தது. ஃபியோர்டுத் தலைகளில் ஊர்களும் வயல்களும் உட்கார்ந்திருக்கும் தட்டையான மேடுகள் பல, அப்படி வெளியே வந்த பழைய கழிமுகங்கள்.

இதையெல்லாம் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஜே. டபிள்யூ. கிரிகரி என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் 1913இல், ஃபியோர்டுகள் அடிப்படையில் பூமியின் மேலோடு பிளந்த விரிசல்கள் என்று ஒரு முழு நூலே எழுதி வாதாடினார். அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பல ஃபியோர்டுகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடி, திடீரென்று செங்கோணத்தில் திரும்புவது, பனி பலவீனமான விரிசல்களைப் பார்த்துப் பிடுங்கியதால்தான். ஆனால் விரிசல் உலகம் முழுக்க இருக்கிறது. ஃபியோர்டு மட்டும் நார்வே, கிரீன்லாந்து, அலாஸ்கா, சிலியின் தென்கோடி, நியூசிலாந்தின் தென்மேற்கு என்று பனி மூடிக் கிடந்த கரைகளில்தான் இருக்கிறது.

எங்கே ஏமாறுவோம்

முதல் ஏமாற்று, பெயர். டென்மார்க்கில் லிம்ஃபியோர்டு என்று ஒன்று உண்டு. தாழ்ந்த கரை, ஆழமற்ற நீர். நிலவியல் சொல்லும் ஃபியோர்டு அல்ல. வட ஜெர்மானிய மொழிகளில் ஃபியோர்டு என்பது கடல்நுழைவுகளுக்குப் பொதுவான பெயர், அதைக் குறுக்கியது நிலவியலாளர்கள்தான். நியூசிலாந்தில் இன்னும் மோசம். தென்தீவின் வடமுனையில் இருக்கும் மார்ல்பரோ சவுண்ட்ஸ், தென்மேற்கில் இருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட், இரண்டுக்கும் ஒரே பின்னொட்டு. முதலாவது ரியாக்கள், அதுவும் கடல் ஏறியது மட்டுமல்லாமல் நிலமும் சாய்ந்து அமிழ்ந்ததால் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள். இரண்டாவது ஃபியோர்டு. உள்ளே ஏறக்குறைய 290 மீட்டர் ஆழம், வாசலில் அதில் பாதிகூட இல்லை.

இரண்டாவது ஏமாற்று, சேறு. வரைபடத்தில் நாம் படிக்கும் ஆழம் சேற்றின் மேற்பரப்பு வரைதான். ஃபியோர்டின் தரை தட்டையாகத் தெரிவதற்குப் பனி காரணமல்ல. பனி உருகிப் பின்வாங்கியபோது கொட்டிய வண்டல், சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில், அடியில் படிந்திருக்கிறது. ரியாவிலும் ஆறு கொண்டுவரும் வண்டல் நிரம்பிக்கொண்டே இருக்கிறது. வண்டல் மிகுந்த பெரிய ஆறுகள் தம் மூழ்கிய பள்ளத்தாக்கை இந்த 7,000 ஆண்டுகளுக்குள் முழுக்க நிரப்பிச் சமவெளியாக்கிவிட்டன. இன்று ரியாவாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கெட்டிப் பாறையில், சிற்றாறுகள் ஓடும் இடங்கள். சில ரியாக்களின் வாயில் அலை கொண்டுவந்த மணல் குறுக்கே திட்டாகப் படிந்திருக்கும். விரலை வைத்துப் படித்தால் நிலைப்படிபோலத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் சில மீட்டர் ஆழம்தான் கூடுதலாக இருக்கும், சில நூறு மீட்டர் இருக்காது.

நிலைப்படி இருக்கிறதா இல்லையா என்பது தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடுகிறது. கலீசியாவின் ரியாக்கள் வெளியே ஆழமானவை, திறந்தவை. கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது மேல்நீர் கடலுக்குள் தள்ளப்பட, அதன் இடத்துக்கு ஊட்டம் நிறைந்த குளிர்ந்த ஆழ்கடல் நீர் அடிவழியாகத் தடையின்றி ரியாவுக்குள் ஏறுகிறது. அங்கே மிதவைகளில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பது பெரிய தொழிலாக இருப்பதற்கு அந்த அடிநீர்தான் தீனி.

ஃபியோர்டில் அடிநீருக்கு அப்படி வழி கிடையாது. ஆற்றுநீர் லேசானது, மேலே மிதந்து வெளியேறும். நிலைப்படிக்குக் கீழே இருக்கும் உப்புநீர் கனமானது, தொட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். வெளியே அதைவிடக் கனமான நீர் நிலைப்படி உயரத்துக்கு வந்தால்தான் அது வழிந்து உள்ளே இறங்கிப் பழையதைத் தள்ளும். நிலைப்படி ஆழமாக இருக்கும் சோக்னஃபியோர்டு போன்றவற்றில் இது அவ்வப்போது நடந்துவிடுகிறது. தெற்கு நார்வேயின் ஃப்ராம்வாரனில் நடப்பதில்லை. அதன் ஆழம் 180 மீட்டரை ஒட்டியது, வாசலின் ஆழம் இரண்டு மீட்டர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் படகு போவதற்காக அந்த வாசலை வெட்டித் திறந்தார்கள். கடல்நீர் உள்ளே வந்து, கனத்தால் அடியில் போய்ப் படுத்தது. மேலிருந்து விழும் செத்த பாசியும் இலையும் மக்கி மக்கி இருந்த ஆக்சிஜன் தீர்ந்தது. இன்று சுமார் இருபது மீட்டருக்குக் கீழே மீன் கிடையாது, நண்டு கிடையாது. அங்கிருந்து ஒரு குப்பியில் நீர் மொண்டு மேலே கொண்டுவந்து திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.